பிள்ளைக்கு அலர்ஜி மருந்துத்தண்ணி: பாட்டிலைப் படித்து அளவு எடுக்கும் முறை

சுங்கை சிப்புட்டில் பார்மசி கவுண்டரில் நிற்கும் என்னிடம் இளம் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "மிஸ், பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடிச்சிருக்கு. வீட்டில அரிப்பு மருந்து இருக்கு. எத்தனை எம்எல் கொடுக்கலாம்?" பாட்டிலைப் பார்க்காமல் இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஒரே பெயருள்ள மருந்து ஒரு பாட்டிலில் ஒரு எம்எல்லுக்கு 1 மில்லிகிராம் இருக்கும், இன்னொரு பாட்டிலில் 10 மில்லிகிராம் இருக்கும். பிள்ளையின் உடம்பு கணக்கில் எடுப்பது மில்லிகிராமைத்தான். எம்எல் என்பது அந்த மில்லிகிராம் எவ்வளவு தண்ணீரில் கரைந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது.

முதல் முறையாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு தொல்லைகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஒன்று, தும்மலும் மூக்கு அரிப்பும் தண்ணீராய் ஒழுகுவதுமான அலர்ஜி மூக்கு. மற்றொன்று, பெரியவர்கள் காணாக்கடி என்று சொல்லும் தோல் தடிப்பு. இரண்டுக்கும் முதலில் கொடுப்பது தூக்கம் அதிகம் வராத அலர்ஜி மருந்து. நம் ஊரில் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பவை செட்டிரிசின், லொராட்டடின், டெஸ்லொராட்டடின்.

மருந்தைத் தொடுவதற்கு முன் பிள்ளையைப் பாருங்கள்

தடிப்போடு உதடு, நாக்கு, தொண்டை வீங்கினால், மூச்சு இழுத்தால், குரல் கம்மினால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், பிள்ளை துவண்டு போனால் அளவு பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். 999-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். அந்த நிலைக்கு மருந்து அட்ரினலின் ஊசி. இந்த மருந்துத்தண்ணி வேலை செய்யத் தொடங்கவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அரிப்பைக் குறைக்குமே தவிர, மூச்சுக்குழாயைத் திறக்காது. "மருந்து கொடுத்துட்டு அரை மணி நேரம் பார்ப்போம்" என்று வீட்டிலேயே இருப்பதுதான் பெரிய ஆபத்து. எஸ்டேட் உள்ளே இருப்பவர்களுக்கு மெயின் ரோட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும் என்பதால் இதை அழுத்தமாகச் சொல்கிறேன்.

அந்த அறிகுறி எதுவும் இல்லை, பிள்ளை அரித்துக்கொண்டே விளையாடுகிறது என்றால் பதற்றம் வேண்டாம். சாதாரணத் தடிப்பை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. ஒரு தடிப்பைச் சுற்றி பேனாவால் கோடு போட்டு வையுங்கள். காணாக்கடியாக இருந்தால் சில மணி நேரத்தில் அது அமுங்கி, வேறோர் இடத்தில் புதிதாக எழும்பும். எந்தத் தடிப்பும் ஒரே இடத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் நிற்காது. ஒரே இடத்தில் நிலைத்து நின்றாலோ, அமுங்கிய இடத்தில் கன்றிப்போன நிறம் தெரிந்தாலோ, காய்ச்சலும் மூட்டு வலியும் சேர்ந்து வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். புதிதாக ஆன்டிபயாட்டிக் ஏதாவது தொடங்கியபின் தடிப்பு வந்திருந்தால் அடுத்த வேளையைக் கொடுப்பதற்கு முன்பே கிளினிக்கில் கேளுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தடிப்பு வந்ததும் "என்ன சாப்பிட்டான்?" என்றுதான் எல்லோரும் தேடுவார்கள். இறாலும் முட்டையும் கடலையும் காரணமாக இருக்கலாம்தான். அப்படி இருந்தால் பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குத் திடீரென்று வரும் தடிப்புக்கு அடிக்கடி காரணமாக இருப்பது சளி, காய்ச்சல் கொடுக்கும் வைரஸ். நேற்றுச் சாப்பிட்ட மீனைக் குற்றம் சாட்டி, ஒவ்வோர் உணவாக நிறுத்திக்கொண்டே போகாதீர்கள். வளரும் பிள்ளைக்கு அது நல்லதல்ல.

தூங்க வைக்கும் பழைய மருந்து ஏன் வேண்டாம்

"தூங்க வைக்கிற மருந்துதான் நல்லா கேட்கும்மா" என்று பாட்டிகள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது குளோர்பெனிரமின், புரோமெதசின் போன்ற பழைய மருந்துகளை. அவை இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதாகப் போய்விடும், அதனால்தான் தூக்கம் வருகிறது. தூக்கத்துக்கும் அரிப்புக் குறைவதற்கும் சம்பந்தமில்லை. பிள்ளை அசந்து தூங்குவதைப் பார்த்து மருந்து கேட்டுவிட்டது என்று நினைக்கிறோம். மறுநாள் காலையில் வகுப்பில் அதே பிள்ளை மந்தமாக உட்கார்ந்திருக்கும். சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக, தூக்கமே இல்லாமல் ஆட்டமும் அழுகையுமாக இருக்கும். புரோமெதசினை 2 வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு.

புதிய மருந்துகள் மூளைக்குள் மிகக் குறைவாகவே போகின்றன. அலர்ஜியை அடக்குவதில் பழையவற்றுக்குக் குறைந்தவையும் அல்ல. அவற்றிலும் செட்டிரிசின் சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தூக்கம் தரும். லொராட்டடினில் அது இன்னும் குறைவு. பகலில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு செட்டிரிசின் கொடுத்து மந்தமாகத் தெரிந்தால் லொராட்டடினுக்கு மாறலாம்.

பாட்டிலில் எதைப் படிக்க வேண்டும்

பெட்டியின் முகப்பில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதை விட்டுவிட்டு, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைத் தேடுங்கள். அதன் பக்கத்தில் எத்தனை எம்எல்லில் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கும். இந்த இரண்டும் தெரிந்தால்தான் மற்றதெல்லாம். எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அது இல்லாத பாட்டிலை யார் கொண்டுவந்து கொடுத்தாலும் பிள்ளைக்கு வேண்டாம்.

செட்டிரிசின் மருந்துத்தண்ணியிலும் லொராட்டடின் மருந்துத்தண்ணியிலும் வழக்கமாக 5 எம்எல்லுக்கு 5 மில்லிகிராம் இருக்கும். அதாவது ஒரு எம்எல்லுக்கு 1 மில்லிகிராம். இது சுலபமான கணக்கு. டெஸ்லொராட்டடினில் 5 எம்எல்லுக்கு 2.5 மில்லிகிராம்தான். "பாதிதானே இருக்கு, இரண்டு மடங்கா கொடுக்கலாமா?" என்று கேட்டவர்கள் உண்டு. கூடாது. நாம் கொடுக்கும் லொராட்டடினை உடம்பு மாற்றி எடுக்கும் வடிவம்தான் டெஸ்லொராட்டடின். முதலிலேயே மாற்றிக் கொடுப்பதால் பாதி மில்லிகிராமே போதும்.

மிகவும் பயப்பட வேண்டியது செட்டிரிசின் சொட்டு மருந்து. சின்ன பாட்டில், ஒரு எம்எல்லுக்கு 10 மில்லிகிராம். மருந்துத்தண்ணியைவிடப் பத்து மடங்கு கெட்டி. மருந்துத்தண்ணிக்குச் சொன்ன 2.5 எம்எல்லை சொட்டு மருந்து பாட்டிலிலிருந்து எடுத்தால் 25 மில்லிகிராம் போய்விடும். பெரிய ஆளுக்கே ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம்தான். "போன தடவை இவ்வளவு கொடுத்தேன்" என்று சிரிஞ்சில் பார்த்த கோட்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு பாட்டிலை மாற்றும்போதுதான் இந்தத் தவறு நடக்கிறது.

வயதும் எடையும்

காய்ச்சல் மருந்துக்கு எடையைப் பெருக்கி அளவு எடுத்துப் பழகியவர்கள் இங்கேயும் அப்படியே பெருக்கப் பார்ப்பார்கள். இந்த மருந்துகளுக்கு அது வேண்டாம். அளவுகள் பெரும்பாலும் வயது வாரியாக அமைந்தவை. எடை ஓரிரு இடத்தில்தான் குறுக்கே வரும்.

செட்டிரிசினில் 2 முதல் 5 வயது வரை 2.5 மில்லிகிராம், காலையும் இரவும். 6 முதல் 11 வயது வரை 5 மில்லிகிராம், காலையும் இரவும். 12 வயதிலிருந்து 10 மில்லிகிராம், ஒரு வேளை போதும். சின்னப் பிள்ளைகளின் உடம்பு இந்த மருந்தைப் பெரியவர்களைவிட வேகமாக வெளியேற்றிவிடும், அதனால்தான் இரண்டு வேளையாகப் பிரிக்கிறோம்.

லொராட்டடினில் 2 வயதுக்கு மேல் எடைதான் தீர்மானிக்கிறது. 30 கிலோ வரை 5 மில்லிகிராம், 30 கிலோவைத் தாண்டினால் 10 மில்லிகிராம். நாளுக்கு ஒரே வேளை. டெஸ்லொராட்டடினும் ஒரே வேளைதான்: 1 முதல் 5 வயது வரை 1.25 மில்லிகிராம், 6 முதல் 11 வரை 2.5 மில்லிகிராம், 12-லிருந்து 5 மில்லிகிராம்.

வயதுக்கு ஏற்ற எடை இல்லாத பிள்ளைகள் நம்மிடையே உண்டு. ஆறு வயது முடிந்தும் 15, 16 கிலோவில் நிற்கும் பிள்ளைக்கு செட்டிரிசினின் பெரிய அளவை நானாகக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். அங்கே டாக்டரிடமோ பார்மசிஸ்டிடமோ எடையைச் சொல்லிக் கேளுங்கள், அல்லது லொராட்டடின் 5 மில்லிகிராமோடு நிறுத்துங்கள். 2 வயதுக்குக் கீழே எந்த மருந்து, எவ்வளவு என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கோளாறு, வலிப்பு உள்ள பிள்ளைகளுக்கும் அப்படித்தான். செட்டிரிசின் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறுவது, லொராட்டடினை மாற்றுவது கல்லீரல். அந்த உறுப்பு சோர்ந்திருந்தால் மருந்து உடம்பில் தேங்கும்.

எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் மிஸ்ஸி கடைசியாக எழுதியது ஆறு மாதத்துக்கு முந்தியதாக இருந்தால், புதிதாக நிறுத்துப் பாருங்கள். தராசில் நிற்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்தால் எடை வந்துவிடும்.

ஒரு வீட்டுக் கணக்கு

நாலு வயதுப் பையன், 15 கிலோ. இரண்டு நாளாகச் சளி. சாயங்காலம் முதுகிலும் தொடையிலும் தடிப்பு எழும்பியிருக்கிறது. மூச்சு நன்றாக இருக்கிறது, உதடு வீங்கவில்லை, ரொட்டி சானாய் கேட்டு அடம் பிடிக்கிறான். வீட்டில் இரண்டு பாட்டில் இருக்கிறது. ஒன்று, அக்காவின் மூக்கு அலர்ஜிக்காகப் போன வாரம் வாங்கிய செட்டிரிசின், 5 எம்எல்லுக்கு 5 மில்லிகிராம். இன்னொன்று, இவன் சளிக்குக் கிளினிக்கில் கொடுத்த மருந்து. மதியம் ஒரு வேளை குடித்திருக்கிறான்.

முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சளி மருந்தை. லேபிளில் குளோர்பெனிரமின் என்று இருக்கிறது. அதுவும் அலர்ஜி மருந்துதான், பழைய வகை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரே வேலைக்கு இரண்டு மருந்தாகி, பிள்ளை அளவுக்கு மீறி மயங்கிக் கிடக்கும். ஆகவே சளி மருந்தை இரவு வேளையிலிருந்தே நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் செட்டிரிசினைத் தொடங்கலாம். இருமல், சளிக் கலவை மருந்துகளில் இப்படி ஓர் அலர்ஜி மருந்து ஒளிந்திருப்பது மிகச் சாதாரணம். டிரைபுரோலிடின் என்ற பெயரையும் கவனித்துக்கொள்ளுங்கள், அதுவும் இந்த வகைதான்.

இனி அளவு. நாலு வயதுக்கு 2.5 மில்லிகிராம். பாட்டிலில் ஒரு எம்எல்லுக்கு 1 மில்லிகிராம். ஆக 2.5 எம்எல். இரவு 8 மணிக்கு ஒரு தடவை, காலை 8 மணிக்கு ஒரு தடவை. ஒரு நாளைக்கு 5 எம்எல் போகும், 60 எம்எல் பாட்டில் 12 நாளுக்கு வரும். அக்காவின் லேபிளில் "5 எம்எல் இரு வேளை" என்று ஒட்டியிருக்கிறது. அது ஒன்பது வயதுக்கான அளவு, இவனுக்கு இல்லை.

அக்காவையும் பார்த்துவிடுவோம். ஒன்பது வயது, 34 கிலோ. செட்டிரிசினில் வகுப்பில் தூங்கி வழிகிறாள் என்று டீச்சர் சொல்கிறார். லொராட்டடினுக்கு மாற்றினால், 30 கிலோவைத் தாண்டிவிட்டதால் 10 மில்லிகிராம், அதாவது 10 எம்எல், ஒரே வேளை. அவளோடு அதே வகுப்பில் படிக்கும் 26 கிலோப் பிள்ளைக்கு 5 எம்எல்தான். ஒரே வயது என்பதற்காக பக்கத்து வீட்டு அளவைக் கடன் வாங்கக் கூடாது. மாற்றும் நாளில் செட்டிரிசினை முழுதாக நிறுத்திவிட்டுத்தான் லொராட்டடினைத் தொடங்க வேண்டும்.

ஊற்றும் விதம்

கோப்பி கலக்கும் கரண்டியை எடுக்காதீர்கள். வீட்டுக் கரண்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு, 2.5 எம்எல் போன்ற சின்ன அளவில் அந்த வித்தியாசம் பெரிதாகிவிடும். வாயில் கொடுக்கும் ஊசியில்லா சிரிஞ்சு எந்தப் பார்மசியிலும் கிடைக்கும். 5 எம்எல் சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டிலுக்குள் நுனியை விட்டுக் கொஞ்சம் அதிகமாக இழுங்கள். சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து, விரலால் தட்டிக் காற்றுக் குமிழியை மேலே ஏற்றி வெளியே தள்ளுங்கள். பிறகு கண் மட்டத்தில் வைத்து, கறுப்பு ரப்பரின் மேல் விளிம்பு 2.5 கோட்டில் நிற்கும்படி சரிசெய்யுங்கள். தொண்டைக்கு நேராகப் பீய்ச்சினால் புரையேறும். கன்னத்தின் உள்பக்கம் மெதுவாக விடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று இந்த மூன்று மருந்துக்கும் கவலைப்பட வேண்டாம். பால் புட்டியில் மட்டும் கலக்காதீர்கள், பிள்ளை பாதியில் விட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது.

ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டுவிடுங்கள், இரட்டிப்பாக வேண்டாம். அப்பா ஒரு தடவையும் பாட்டி ஒரு தடவையும் கொடுத்துவிடுவது நம் கூட்டுக் குடும்பங்களில் நடப்பதுதான். பாட்டிலோடு ஒரு தாளை ரப்பர் பேண்டில் கட்டி, கொடுத்தவர் நேரத்தை எழுதினால் போதும்.

என்ன எதிர்பார்க்கலாம்

பையனுக்கு முதல் வேளைக்குப் பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்தில் அரிப்பு தணியும். மறுநாள் புதுத் தடிப்பு சில எழும்பலாம். அதைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று அளவைக் கூட்டாதீர்கள். வைரஸ் அடங்கும் வரை, சில நாளிலிருந்து ஒன்றிரண்டு வாரம் வரை, வந்து வந்து போகும். மருந்தின் வேலை அரிப்பைக் குறைத்து பிள்ளையை நிம்மதியாக வைப்பது. தடிப்பே வராமல் சில நாள் கழிந்ததும் நிறுத்தலாம். ஆறு வாரத்துக்கு மேல் நீண்டால் டாக்டர் பார்க்க வேண்டும். அப்போது வழக்கத்தைவிட அதிக அளவு கொடுப்பதா என்பது அவர் முடிவு, நம்முடையதல்ல.

மூக்கு அலர்ஜியில் கணக்கு வேறு. தும்மல், அரிப்பு, ஒழுகுவது இவற்றுக்கு மருந்து நன்றாகக் கேட்கும். மூக்கடைப்புக்கு அவ்வளவாகக் கேட்காது. வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கும் பிள்ளைக்கு மாதக்கணக்கில் மருந்துத்தண்ணி ஊற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே. டாக்டரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். தினமும் தொல்லை இருக்கும் பிள்ளைக்கு ஒரு நாள் கொடுத்து ஒரு நாள் விடாமல், இரண்டு வாரம் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தால்தான் பலன் உண்டா என்று தெரியும். புகைமூட்டக் காலத்தில் வரும் இருமலுக்கும் கண் எரிச்சலுக்கும் இது மருந்தல்ல. புகை நேராக எரிச்சலூட்டுகிறது, அங்கே அலர்ஜிக்கு வேலை குறைவு.

அளவு மீறிப் போய்விட்டது என்று தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பிள்ளை அசாதாரணமாகத் தூங்கலாம், அல்லது நிலைகொள்ளாமல் ஆடலாம். எந்த பாட்டில், எத்தனை எம்எல், எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு பாட்டிலோடு மருத்துவமனைக்குப் போங்கள். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய நச்சு மையத்தையும் தொலைபேசியில் கேட்கலாம். எழுப்பினாலும் எழும்பவில்லை, வலிப்பு வந்தது என்றால் 999 மட்டும்தான்.

அலர்ஜிக்குத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு மருத்துவமனையில் தேதி கொடுத்திருந்தால், எத்தனை நாளுக்கு முன்பே மருந்தை நிறுத்த வேண்டும் என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாக ஒரு வாரம் வரை சொல்வார்கள். மருந்து உடம்பில் இருந்தால் தோல் எழும்பாது, ஈப்போ வரை போய்விட்டு இன்னொரு தேதி வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கும்.